கரையான் தின்ற செங்கல் சுவர்: ஒரு பழைய போட்டோவின் பின்னணியைத் திரும்பக் கட்டிய விவரம்

காங்கேயம் பக்கத்தில் ஒரு சாளை வீட்டின் முன்னால் எடுத்த குடும்பப் படம். 6×4 அங்குல கலர் பிரிண்ட். பூசாத செங்கல் சுவரை ஒட்டி ஏழு பேர் நிற்கிறார்கள். சுவரின் அடியிலிருந்து படத்தின் கீழ் ஓரம் வரை கொழுக்கட்டைப் புல். ஆல்பம் பீரோவின் அடித்தட்டில் பல வருஷம் கிடந்ததில் கரையான் ஏறி, இடதுகீழ்ப் பகுதியில் இரண்டு அங்குல அகலம், ஒன்றரை அங்குல உயரம் அளவுக்குத் தின்றுவிட்டது. இடது விளிம்பில் மட்டும் இரண்டரைக் கல் தெரிகிற மாதிரி ஒரு சின்னத் துண்டு தப்பியிருந்தது. ஆட்கள் யாருக்கும் சேதம் இல்லை. இடது கடைசியில் நிற்கும் பையனின் முழங்கைக்குக் கொஞ்சம் தள்ளியே ஓட்டை நின்றுவிட்டது. போனது சுவரும் புல்லும்தான்.

படத்தில் இருக்கும் தம்பதிக்கு அறுபதாம் கல்யாணம். மண்டப வாசலில் வைக்க 18×12 அங்குலத்துக்குப் பெரிதாக்கித் தர வேண்டும் என்று பேரன் வந்தார். கூடவே பென் டிரைவில் ஒரு ஃபைலும் இருந்தது. வேறு ஒரு கடையில் ஏற்கெனவே சரிசெய்து கொடுத்தது. "போன்ல பாத்தா நல்லாத்தானுங்ணா இருக்குது, பெருசு பண்ணா என்னமோ ஒரு மாதிரி தெரியுது" என்றார். என்ன மாதிரி என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பார்த்தால் சொல்லிவிடலாம்.

அந்த ஃபைலில் ஓட்டை அப்படியே தானியங்கி நிரப்பலுக்கு விடப்பட்டிருந்தது. மேலிருந்து இறங்கிய வரிகளும் வலப்பக்கத்திலிருந்து வந்த வரிகளும் ஓட்டையின் நடுவில் மோதி, ஒன்றுக்கொன்று அரை வரி ஏறி இறங்கி நின்றன. ஓர் இடத்தில் ஒரு செங்கல் ஒன்றரைக் கல் நீளத்துக்கு ஓடியது. இன்னோர் இடத்தில் சாந்துக்கோடு பாதியிலேயே கரைந்து போயிருந்தது. புல்லில் வேறு விதமான கோளாறு. ஒரே வெளிறிய தூர் மூன்று இடத்தில், ஏறக்குறைய சம தூரத்தில் உட்கார்ந்திருந்தது. முழங்கைக்குப் பக்கத்தில் பையனின் சட்டை நீலம் சுவருக்குள் லேசாகக் கசிந்திருந்தது.

இந்தக் கோளாறுகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. போட்டோஷாப்பில் கன்டென்ட்-அவேர் ஃபில் என்பது 2010-இல் சி.எஸ். 5 பதிப்போடு வந்தது. அதன் அடியில் இருப்பது 2009-இல் வெளியான பேட்ச்மேட்ச் என்கிற முறை. படத்தின் மிச்ச இடத்தில் சின்னச் சின்னச் சதுரங்களைப் பார்த்து, ஓட்டையின் விளிம்போடு எது நன்றாகப் பொருந்துகிறதோ அதை எடுத்து வந்து வைக்கும். பக்கத்துப் பிக்சலோடு பொருந்துகிறதா என்பதுதான் அதற்குத் தெரியும். பத்து வரி தள்ளி எந்தச் சாந்துக்கோட்டோடு போய்ச் சேர வேண்டும் என்பது தெரியாது. சுவரில் அந்தப் பத்தாவது வரிதான் முக்கியம். செங்கல் வரிசையில் ஒழுங்கு கெட்டால் கண் உடனே பிடிக்கும். புல்லில் இல்லாத ஒழுங்கு வந்துவிட்டால் பிடிக்கும். இரண்டும் எதிரெதிர் வேலைகள் என்பதால் இரண்டையும் தனித்தனி லேயரில், தனித்தனி முறையில் செய்தேன்.

ஸ்கேனும் ஓட்டையின் விளிம்பும்

600 டி.பி.ஐ., 16 பிட், டிஃப். 6×4 பிரிண்டுக்கு இது 3600×2400 பிக்சல் கொடுக்கும். 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 200 பிக்சல். மண்டப வாசலில் நின்று பார்க்கிற படத்துக்கு இது போதும். 1200-இல் ஸ்கேன் செய்தாலும் இந்த மாதிரி பிரிண்டில் கூடுதல் விவரம் வராது, ஃபைல்தான் பெருக்கும்.

ஸ்கேன் செய்யும்போது பிரிண்டின் பின்னால் ஒரு கறுப்புத் தாள் வைத்தேன். ஸ்கேனர் மூடியின் வெள்ளையில் ஓட்டையின் எல்லை கரைந்துவிடும். கரையான் ஒரே வெட்டாகத் தின்பதில்லை. மேலே உள்ள படப்படலம் போய், அடித்தாள் மட்டும் மெலிதாக நிற்கும் ஓரங்கள் உண்டு. கறுப்புப் பின்னணியில் அவை வெள்ளை நூலாகத் தெரியும். அதைத் தாண்டி நல்ல படத்துக்குள்ளும் கொஞ்ச தூரம் மண் கறை ஊறியிருக்கும். அதனால் ஓட்டையைத் தேர்ந்தெடுத்த பிறகு தேர்வை 8 பிக்சல் வெளியே விரித்துக்கொண்டேன். கறைபட்ட ஓரத்தைக் காப்பாற்றப் போனால், புதிதாகக் கட்டும் சுவரைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் நிற்கும்.

நிறம் சரிசெய்வதை ஒட்டு வேலைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். படம் சிவப்பேறிக் கிடந்தது. ஒட்டெல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் கான்ட்ராஸ்ட் ஏற்றினால், அதுவரை தெரியாமல் இருந்த ஒட்டு விளிம்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும்.

சுவரைப் படுக்கையாக விரித்தது

முதலில் சுவரைப் படித்தேன். கொத்தனார் ஒரு வரியில் கல்லை நீட்டுவாக்கில் வைத்து, அடுத்த வரியில் குறுக்குவாக்கில் வைத்துக் கட்டிய ஒன்பது அங்குலச் சுவர். இன்ஜினியர்கள் இதை இங்கிலீஷ் பாண்டு என்பார்கள். நீட்டு வரியில் ஒரு கல் இருக்கும் அகலத்தில் குறுக்கு வரியில் இரண்டு கல் தலைகாட்டும். வரிகள் இப்படி மாறி மாறி வருவதால், இந்தச் சுவர் மேலும் கீழுமாகத் தன்னைத் திரும்பச் சொல்வது இரண்டு வரிக்கு ஒரு முறை. ஒரு வரி உயர்த்தி ஒட்டினால் நீட்டுக் கல்லுக்கு மேல் நீட்டுக் கல் வந்து உட்காரும். அப்படி எந்தக் கொத்தனாரும் கட்ட மாட்டார். அதைப் பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் சுவர் சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

அடுத்த சிக்கல் கோணம். படம் எடுத்தவர் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நின்றிருக்கிறார். வலது ஓரத்தில் ஒரு வரியின் உயரம் 62 பிக்சல், ஓட்டை இருக்கும் இடப்பக்கம் 54 பிக்சல். எட்டுப் பிக்சல்தானே என்று வலப்பக்கத்துக் கல்லை அப்படியே இடப்பக்கம் குளோன் செய்தால், பத்து வரிக்கு 80 பிக்சல் வித்தியாசம் சேர்ந்துவிடும். அது ஒரு முழு வரிக்கும் மேல்.

முழுப் படத்தையும் நிமிர்த்தினால் ஆட்களின் முகம் கோணும். அதனால் சுவரை மட்டும் தனியாகப் பிரதி எடுத்து, `Edit > Transform > Distort` கொண்டு நான்கு மூலைகளை இழுத்து, நேர் எதிரில் நின்று பார்ப்பது போலப் படுக்கையாக விரித்தேன். மூலைகளாக எடுத்தது நான்கு சாந்துச் சந்திப்புகள். மூலப் படத்தில் அவை எங்கே இருந்தன என்பதைத் தனி லேயரில் நான்கு புள்ளியாகக் குறித்து வைத்தேன். வேலை முடிந்து சுவரைத் திரும்பக் கோணத்துக்கு மடக்கும்போது அந்தப் புள்ளிகள்தான் வழிகாட்டி. விரித்த சுவரில் ஒரு வரி 90 பிக்சல், ஒரு நீட்டுக் கல் அதன் சாந்தோடு சேர்த்து 240 பிக்சல் வரும்படி அளவு வைத்துக்கொண்டேன். மூலத்தைவிடப் பெரிதாக வைத்ததற்குக் காரணம், இரண்டு முறை உருமாறும்போது கூர்மை குறையும் என்பது. இங்கே ஒரு நல்வாய்ப்பும் இருந்தது. கல் எடுக்கும் வலப்பக்கம் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, கல் வைக்கும் இடப்பக்கம் தள்ளி இருக்கிறது. 62 பிக்சல் கல் கடைசியில் 54 பிக்சல் இடத்துக்குச் சுருங்கிப் போகிறது. எதிர்த்திசையில் இருந்திருந்தால் மங்கலான கல்லை வைத்துக்கொண்டு அல்லாட வேண்டியிருக்கும்.

போட்டோஷாப்பில் `Filter > Vanishing Point` இதே வேலையைக் கோணத்தை வைத்தபடியே செய்யும். நான்கு மூலை வைத்ததும் கட்டம் நீலமாக வந்தால் சரி. மஞ்சளோ சிவப்போ வந்தால் மூலைகள் பொருந்தவில்லை. சின்ன ஓட்டைக்கு அதுவே போதும். ஆனால் அதில் இத்தனை பிக்சல் நகர்த்து என்று எண் கொடுக்க முடியாது. எனக்கு எண் வேண்டியிருந்தது.

எண் வைத்து நகர்த்தியது

விரித்த சுவரில் ஒட்டு எங்கே போகலாம் என்பதற்கு ஒரே விதி.

```
X = 240 × n
Y = 180 × m
```

n, m இரண்டும் முழு எண்கள். `Window > Clone Source` பேனலில் இந்த X, Y எண்களை நேரடியாக அடிக்கலாம். குளோன் ஸ்டாம்புக்கு `Aligned` டிக் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை மவுஸை விட்டு எடுக்கும்போதும் மாதிரி பழைய இடத்துக்கே ஓடிப்போகும், கணக்கெல்லாம் வீண். X-ஐ 120 வைத்தால் குறுக்கு வரிகள் பொருந்தும், நீட்டு வரிகள் பொருந்தாது. பாதி சரியாக இருப்பதால் அவசரத்தில் இது கண்ணுக்குத் தப்பும்.

`Edit > Define Pattern` வைத்து ஒரு துண்டை எடுத்து ஓட்டை முழுக்க நிரப்பிவிடலாமே என்று தோன்றும். நானும் ஒரு பேட்டர்ன் செய்தேன், ஆனால் அதை அடித்தளக் கோடாக மட்டும் வைத்துக்கொண்டேன். இரண்டு நீட்டுக் கல் அகலம், நான்கு வரி உயரம்: 480×360 பிக்சல். `Filter > Other > Offset` போய் 240, 180 கொடுத்து `Wrap Around` வைத்தால் துண்டின் ஓரங்கள் நடுவுக்கு வந்துவிடும். அங்கே சாந்துக்கோடு உடைந்திருந்தால் அப்போதே தெரியும். அதைச் சரிசெய்து நிரப்பினால் வரிகள் அத்தனையும் கச்சிதமாக வரும். மூளியான ஒரு கல் இரண்டு கல்லுக்கு ஒரு தடவை அச்சடித்தது போலத் திரும்பத் திரும்ப வரும் என்பதும் நிச்சயம். நாட்டுச் செங்கல் சுவரில் அது நடக்காது. சூளையில் நெருப்புக்குப் பக்கத்தில் இருந்த கல் கறுத்திருக்கும், தள்ளி இருந்தது வெளுத்திருக்கும். ஓரம் மூளியானது, விரல் தடம் பதிந்தது என்று ஒவ்வொன்றும் ஒரு விதம்.

அதனால் பேட்டர்னை 40 சதவீத ஒபாசிட்டியில் கீழே வைத்து, அது காட்டும் கோட்டின் மேல் உண்மையான கற்களைக் கொண்டுவந்து வைத்தேன். ஒவ்வொரு ஒட்டும் இரண்டு நீட்டுக் கல் அகலம், இரண்டு வரி உயரம். ஒட்டின் விளிம்பு கல்லின் முகத்தைக் குறுக்கே வெட்டக்கூடாது, சாந்துக்கோட்டின் நடுவிலேயே ஓட வேண்டும். சாந்தில் நிறம் கொஞ்சம் மாறினால் யாரும் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் அங்கே ஏற்கெனவே ஒரு விளிம்பு இருக்கிறது. 2001-இல் எஃப்ரோஸும் ஃப்ரீமனும் எழுதிய இமேஜ் குவில்ட்டிங் முறையும் இதைத்தான் கணக்காகச் செய்கிறது. இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, வித்தியாசம் எந்த வழியில் மிகக் குறைவோ அந்த வழியாக வெட்டும். செங்கல் சுவரில் அந்த வழி பெரும்பாலும் சாந்துதான். கணக்குப் போடாமலே கண்ணுக்குத் தெரிகிறது.

ஹீலிங் பிரஷை இங்கே தொடவில்லை. அது அமைப்பை எடுத்துக்கொண்டு நிறத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து வாங்கும். ஓட்டையின் உட்புறத்தில் பரவாயில்லை, பையனின் சட்டைக்குப் பக்கத்தில் போனால் நீலத்தை உள்ளே இழுத்துவிடும். பழைய ஃபைலில் கசிந்திருந்ததும் இதே ரகம்தான்.

கல்லை இடவலமாகத் திருப்பிப் போட்டு வேறு கல் மாதிரிக் காட்டுவது பலரும் செய்கிற வேலை. இந்தப் படத்தில் அது செல்லாது. வெயில் இடது மேலிருந்து விழுகிறது. ஒவ்வொரு கல்லின் வலது ஓரத்திலும் அடி ஓரத்திலும் மயிரிழை அளவு நிழல் இருக்கிறது. திருப்பினால் அந்த நிழல் இடப்பக்கம் போய்விடும். 18 அங்குலத்தில் அந்தக் கல் மட்டும் சுவரிலிருந்து உள்ளே அமுங்கினது போல நிற்கும். வேறுபாடு வேண்டிய இடத்தில் ஒற்றைக் கற்களை மாற்றி வைத்தேன். நீட்டுக் கல்லுக்குப் பதில் நீட்டுக் கல், குறுக்குக் கல்லுக்குப் பதில் குறுக்குக் கல். சிலவற்றுக்குக் கர்வ்ஸில் கொஞ்சம் கறுப்பு ஏற்றினேன்.

தப்பிய இரண்டரைக் கல்

வலமிருந்து இடமாக ஒட்டிக்கொண்டே போனால் கடைசியில் அந்தத் தப்பிய துண்டில் போய் முட்ட வேண்டும். ஓட்டையின் அகலம் எட்டு நீட்டுக் கல். முதலில் வெறும் கோடு போட்டுப் பார்த்தேன். வலப்பக்கத்துச் சாந்துக்கோட்டை நேராக இழுத்தால், தப்பிய துண்டில் இருக்கும் கோடு அதற்கு 12 பிக்சல் கீழே இருந்தது. சுவர் அந்த மூலையில் இறங்கியிருக்கலாம், லென்ஸ் ஓரத்தில் வளைத்திருக்கலாம். எதுவானாலும் படத்தில் இருப்பது அதுதான், அதற்கு நாம் இணங்கிப் போக வேண்டும்.

விரித்த சுவரில் சாந்தின் தடிமன் சுமார் 13 பிக்சல். கடைசி மூட்டில் 12 பிக்சலை ஒரே அடியாக இறக்கினால் சாந்தே உடைந்த மாதிரி இருக்கும். ஒட்டு ஒவ்வொன்றும் இரண்டு கல் அகலம் என்பதால் ஓட்டைக்கு நான்கு ஒட்டு. ஒவ்வொன்றையும் முந்தையதைவிட 3 பிக்சல் இறக்கினேன். 3 பிக்சல் சாந்துக்குள்ளேயே மறைந்துவிடுகிறது. நான்காவது ஒட்டு தப்பிய துண்டின் கோட்டோடு சேர்ந்துவிட்டது. அந்தத் துண்டு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நேராகக் கட்டியிருப்பேன், யாருக்கும் தெரிந்திருக்காது. அது இருந்ததால் வேலை கூடியது, சுவர் உண்மையாகவும் ஆனது.

அடி மூன்று வரி

மேல் வரிகளுக்குக் கல் தாராளமாக இருந்தது. அடி மூன்று வரிகளுக்குப் பஞ்சம். மழையில் செம்மண் தெறித்து அந்த வரிகள் வேறு நிறம். அதன் மேல் உப்புப் பூத்து வெள்ளைத் திட்டு வேறு. மேல் வரியிலிருந்து கல்லை இறக்கி அங்கே வைத்தால், இரண்டு நாளைக்கு முன்பு கட்டிய சுவர் மாதிரி இருக்கும். அதே உயரத்தில் கல் தெரியும் இடங்கள் இரண்டே: வலது கடைசி ஆளுக்கு அப்பால் ஐந்து கல் அகலம், நடுவில் இருவர் கால்களுக்கு இடையே ஒரு சந்து. அந்தச் சந்தில் வேட்டியின் நிழல் விழுந்திருந்ததால் நிழல் படாத மேல் பாதியிலிருந்து மட்டும் கற்களை எடுத்தேன்.

கையில் இருந்த கற்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கலைத்து அடுக்கினேன். கல் சரியாக வந்தது, உப்புத் திட்டு துண்டு துண்டாகிவிட்டது. உப்பு கல் பார்த்துப் பூப்பதில்லை. அதன் மேல் விளிம்பு அலை அலையாகச் சாந்தையும் கல்லையும் தாண்டி ஓடும். அதனால் ஒட்டும்போதே உப்பு குறைவான கற்களாகப் பொறுக்கி வைத்துவிட்டு, உப்பைத் தனி லேயரில் பிறகு பூசினேன். வலப்பக்கத்துத் திட்டிலிருந்தே நிறத்தை எடுத்து, மென்மையான பிரஷ், 8 சதவீத ஃப்ளோ. வெள்ளையை அப்படியே வைத்துப் பூசினால் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகும். படத்தில் உப்பு கொஞ்சம் சாம்பல் கலந்த ரோஸ் நிறத்தில்தான் இருந்தது.

சுவரைப் புல் தொடங்கும் இடத்தோடு நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு வரி கீழே வரை கட்டினேன். புல் அதன் மேல் வந்து மூட வேண்டும். சுவரையும் புல்லையும் ஒரே கோட்டில் முட்ட வைத்தால் அந்தக் கோடு கத்தரித்த மாதிரி நிற்கும்.

ஆட்டாங்கல்

புல்லுக்குப் போகும் முன் ஒரு விஷயம் இடறியது. ஓட்டையின் கீழ் விளிம்பில், புல்லில், வளைவாக ஒரு கருமை. கரையான் கறை என்றே முதலில் வைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் கறைக்கு உரிய பழுப்பு இல்லை, புல்லின் இழைகள் அதற்குள்ளும் தெளிவாகத் தெரிந்தன. கறை இழைகளை மூடும், நிழல் மூடாது. ஆக அங்கே ஏதோ ஒரு பொருள் இருந்திருக்கிறது, அதன் நிழல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பேரன் தன் ஆத்தாவிடம் போனில் கேட்டார். "அந்த மூலைல ஆட்டாங்கல்லு கெடந்துச்சு கண்ணு, வீட்டுக்குள்ள எடம் பத்தலைன்னு வெளிய போட்டு வெச்சிருந்தோம்" என்று பதில் வந்தது. அப்படியானால் ஓட்டையில் போனது சுவரும் புல்லும் மட்டும் அல்ல. ஆட்டாங்கல்லுக்கு இந்தப் படத்தில் மாதிரி எடுக்க ஒரு பிக்சல்கூட இல்லை. வேறு எங்கிருந்தோ ஒரு கல்லை வெட்டி ஒட்டினால் அது அவர்கள் வீட்டுக் கல் ஆகாது. அந்த வேலைக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் பொருள் இல்லாமல் நிழலை மட்டும் விடவும் முடியாது. அவர்கள் சம்மதத்தோடு நிழலையும் புல்லால் மூடினேன். மூலப் பிரிண்டில் உண்மையாகவே மிஞ்சியிருந்த பகுதியை நான் அழித்தது அந்த ஓர் இடத்தில் மட்டும்தான். மூல ஸ்கேனை அப்படியே தனி ஃபைலாகவும் கொடுத்தேன்.

புல்

கொழுக்கட்டைப் புல் நகரத்துப் பூங்காவின் புல்வெளி போலப் படர்ந்து கிடக்காது. தூர் தூராக நிற்கும், நடுவே செம்மண் தெரியும், வெளிறிய கதிர்கள் அங்கங்கே தலை நீட்டும். ஒவ்வொரு தூரும் கண்ணில் பதியும் ஓர் அடையாளம் என்பதால், சதுரமாக எடுத்த எந்தப் பேட்டர்னும் இங்கே ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. ஒட்டின் அளவு ஒரு தூர் அல்லது இரண்டு தூர். அதன் ஓரத்தை லாசோவில் கோணல்மாணலாகச் சுற்றி எடுத்தேன், 3 பிக்சல் ஃபெதர். அதற்கு மேல் ஃபெதர் கொடுத்தால் ஓரத்தில் இழைகள் பாகாகிவிடும்.

தூரம் இங்கே முக்கியம். படத்தின் கீழ் ஓரத்தில் ஒரு தூரின் அகலம் ஏறக்குறைய 180 பிக்சல், சுவரடியில் அதில் பாதி. அதனால் எந்தத் தூரையும் மேலே கீழே நகர்த்தவில்லை, பக்கவாட்டில் மட்டும். சுவருக்குப் பக்கத்தில் இருந்த புல்லைச் சுவருக்குப் பக்கத்தில் வை என்றுதான் மனசு சொல்லும். கேமரா கோணலாக இருந்ததால் சுவரின் அடிக்கோடு படத்தில் சரிந்து போகிறது. சுவரடியைத் தொடர்ந்தபடி எடுத்தால் தூரின் அளவு மாறிவிடும். படத்தில் அதே உயரத்தில் இருக்கும் தூர்தான் கேமராவிலிருந்து அதே தூரத்தில் இருப்பது, அது சுவரை ஒட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆட்களின் காலடிப் புல் மிதிபட்டுப் படுத்துக் கிடந்தது, அதைத் தொடவில்லை.

தானியங்கி நிரப்பல் இங்கே உதவும், சுவரைவிட எவ்வளவோ மேல். 2018-க்குப் பிந்தைய போட்டோஷாப்பில் அது தனித் திரையாகத் திறக்கும், எங்கிருந்து மாதிரி எடுக்கலாம் என்பதைப் பச்சைப் பூச்சாகக் காட்டும். அந்தப் பச்சையைக் கால், செருப்பு, சேலை ஓரம், நிழல் எல்லாவற்றிலிருந்தும் அழித்துவிட்டு, வலப்பக்கப் புல்லில் அதே உயரப் பட்டையை மட்டும் விட்டேன். சுவரடி, நடு, முன்புறம் என்று மூன்று பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக நிரப்பினேன். செம்மண்ணும் சின்ன இழைகளும் நன்றாகவே வந்தன. திரும்ப வந்த தூர்களை மட்டும் மேலே வேறு தூர் வைத்து மறைக்க வேண்டியிருந்தது.

திரும்ப வந்தது எது என்பதை 100 சதவீதத்தில் தேடினால் கிடைக்காது. 10 சதவீதத்துக்குச் சுருக்கினால் இழைகள் மறைந்து வெளிறிய கதிர்களும் கரிய நடுப்பகுதிகளும் புள்ளிகளாக மட்டும் தெரியும். ஒரே வடிவில் இரண்டு புள்ளிக் கூட்டம் இருந்தால் அப்போதே கண்ணில் படும். `View > Flip Horizontal` வைத்து இடவலம் மாற்றியும் பார்ப்பேன். பழகிப்போன கண் அதில் புதிதாகிவிடும். முன்புறப் பட்டையில் ஒரு காய்ந்த இலை இரண்டு தடவை வந்திருந்தது, ஒன்றை எடுத்தேன்.

சுவரடியில் சந்திக்கும் இடத்துக்குத் தனி லேயர். மற்ற இடங்களில் சுவருக்குக் குறுக்கே ஏறி நின்ற புல்லிழைகளைச் செங்கல் பின்னணி இல்லாமல் தனியாகப் பிரிக்க முடியாது. அதனால் அடியிலிருந்து இழைகளை மெல்லிய பிரஷால் இழுத்து வரைந்தேன், நிறம் பக்கத்துத் தூரிலிருந்து. புல்லுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கறுத்த கோடு படம் முழுக்க ஓடியது. அதை ஓட்டைக்குள்ளும் தொடர்ந்தேன். அது விட்டுப்போனால் சுவர் மண்ணில் நிற்காமல் மிதக்கும்.

சோதனை

சுவரைப் பழைய கோணத்துக்கு மடக்கி, நான்கு புள்ளிகளில் உட்கார வைத்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டேன். கோட்டை மேலும் கீழுமாக நான்கைந்து முறை ரம்பப் பல் போல ஏற்றி இறக்கினால் படம் விகாரமான நிறங்களில் வரும். வெளிச்சம் சீராக மாறும் இடத்தில் அந்த நிறங்களும் சீராகப் போகும். ஒட்டு மட்டும் ஒரு படி வெளுத்தோ கறுத்தோ இருந்தால், அதன் சதுர வடிவம் அப்படியே எழுந்து நிற்கும். மேல் வரிகளில் இரண்டு ஒட்டுகள் அப்படித் தெரிந்தன. வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் சுவர் கொஞ்சம் வெளிச்சம், அந்த ஏற்றம் ஒட்டுகளில் இல்லை. ஒட்டு லேயருக்கு மட்டும் கிளிப் செய்து, வலமிருந்து இடமாக மெல்ல ஏறும் ஒரு கிரேடியன்ட் மாஸ்க்கோடு இன்னொரு கர்வ்ஸ் வைத்ததும் இரண்டும் அடங்கின. சோதனை லேயரை அழித்தேன்.

மிச்சம் இருந்தது துகள். இரண்டு முறை உருமாறிய சுவர் பக்கத்துச் சுவரைவிட வழவழப்பாகத் தெரிந்தது. `Add Noise`, `Gaussian`, `Monochromatic` டிக் இல்லாமல். கலர் பிரிண்டின் துகளுக்கு நிறம் உண்டு, கறுப்பு வெள்ளைத் துகள் போட்டால் தனியாகத் தெரியும். எவ்வளவு என்பதை 200 சதவீதத்தில் பழைய கல்லையும் புதிய கல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே முடிவு செய்தேன். புல்லுக்கு இது தேவைப்படவில்லை, அது ஒரு முறைகூட உருமாறவில்லை.

முழு அளவில் அச்சிடும் முன், ஓட்டை இருந்த பகுதியை மட்டும் வெட்டி, 18 அங்குலப் படத்தில் அது வரும் அளவிலேயே ஒரு துண்டுப் பிரிண்ட் போட்டேன். திரையில் தெரியாத ஒன்று அதில் தெரிந்தது: அடி வரிகளில் உப்பு கொஞ்சம் அதிகம். லேயரின் ஒபாசிட்டியைக் குறைத்து, மேட் தாளில் பெரிய பிரிண்ட் போட்டுக் கொடுத்தாயிற்று.

பேரன் அதே ஆல்பத்திலிருந்து இன்னொரு படமும் எடுத்து வந்திருந்தார். அதில் கரையான் தின்றது ஒருவருடைய காலையும் செருப்பையும். சுவரும் புல்லும் தன்னைத் தானே திரும்பச் சொல்வதால்தான் மேலே சொன்னதெல்லாம் நடந்தது. காலுக்கு அது பொருந்தாது. அந்த ஆளின் வேறு ஏதாவது படம், அதே காலத்தில் எடுத்தது, கிடைக்குமா என்று தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.